பைக்குள் அடங்காத புரதம்

செல் தான் செய்த புரதத்தை எப்படி வெளியே அனுப்புகிறது என்று கேட்டால், உயிரியல் படித்தவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் வரைவார்கள். ஓரத்தில் புள்ளிபுள்ளியாக ரைபோசோம்கள் ஒட்டிய சொரசொரப்பான எண்டோபிளாச வலை, அதற்கு எதிரே தட்டுகளை அடுக்கியதுபோல கோல்கை உறுப்பு, அதற்கும் அப்பால் செல் சவ்வு. இவற்றுக்கு நடுவே சின்னச் சின்ன வட்டங்கள் பறந்துகொண்டிருக்கும், ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓர் அம்புக்குறி இருக்கும். புரதம் வட்டத்துக்குள் ஏறி வலையிலிருந்து கோல்கைக்கு வருகிறது, அங்கே ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு வட்டம் வட்டமாகத் தாவுகிறது, கடைசி வட்டம் செல் சவ்வோடு இணைந்து அதை வெளியே கொட்டுகிறது. நானும் பல ஆண்டுகளாக இந்தப் படத்தை வரைந்து பாடம் நடத்துகிறேன். ஆனால் அந்த வட்டங்களுக்குள் கொலாஜனைப் போட்டுப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. வலையிலிருந்து கிளம்பும் வழக்கமான பையின் குறுக்களவு 60 முதல் 90 நானோமீட்டர். வலைக்குள் உருவாகி முடிந்த, கொலாஜனின் முன்வடிவமான புரோகொலாஜன் மூலக்கூறோ 300 நானோமீட்டர் நீளமுள்ள, எளிதில் மடங்காத தண்டு. இதை உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவரிடம் சொன்னபோது அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "கொலாஜன் ஒரு விதிவிலக்கு சார். விதிவிலக்கை வைத்துக்கொண்டு பாடம் நடத்த முடியாது" என்றார்.

அந்தப் பதில் என்னைவிட்டு அகலவில்லை. நம் உடலில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கொலாஜன்தான். எலும்பு, தோல், தசைநாண், பல், கண்ணின் வெண்படலம் எல்லாம் அதனால் ஆனவை. செல்கள் எடையளவில் மிக அதிகமாக வெளியேற்றிச் சேர்த்துவைத்திருக்கும் புரதத்தை விதிவிலக்கு என்று ஒதுக்கினால், விதி எதற்காக எழுதப்பட்டது என்ற கேள்வி வருகிறது.

விதி எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் ஏதுமில்லை. 1960-களில் ஜார்ஜ் பலாடேயும் ஜேம்ஸ் ஜேமிசனும் கினிப் பன்றியின் கணையத்தை மெல்லிய சீவல்களாக்கி, கதிரியக்கம் ஏற்றிய லூசினை 3 நிமிடம் மட்டும் ஊட்டி, பின்னர் சாதாரண லூசினுக்கு மாற்றி, அந்தக் கதிரியக்கம் நேரம் செல்லச் செல்ல எங்கே நகர்கிறது என்று பார்த்தார்கள். முதலில் அது சொரசொரப்பான வலையில் இருந்தது. அடுத்த சில நிமிடங்களில் கோல்கையின் ஓரத்துக்கு வந்தது. அரை மணி நேரம் கடந்தபோது கோல்கையை ஒட்டிய பெரிய குமிழ்களிலும், ஏறக்குறைய 2 மணி நேரத்தில் நொதிகள் செறிந்த சேமிப்புத் துகள்களிலும் தெரிந்தது. வரிசை ஐயமற நிறுவப்பட்டது, 1974-இல் பலாடேவுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் கணையம் செய்யும் செரிமான நொதிகள் சில நானோமீட்டர் அளவே உள்ள உருண்டைகள். எந்தப் பைக்குள்ளும் நூற்றுக்கணக்கில் அடங்கும். பலாடேயின் சோதனை, புரதம் எந்தெந்த இடங்களை எந்த வரிசையில் கடக்கிறது என்பதைக் காட்டியது. ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு எதில் ஏறிப் போகிறது என்பதை அது முடிவாகச் சொல்லவில்லை. அந்த இடைவெளியைத்தான் படத்தில் உள்ள வட்டங்கள் நிரப்பிக்கொண்டன.

ஆகவே இந்தப் பயணத்தை ஒருமுறை கொலாஜனோடு சேர்ந்தே போய்ப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. எலும்பிலும் தோலிலும் உள்ள முதல் வகைக் கொலாஜனை எடுத்துக்கொள்கிறேன்.

வலைக்குள் தண்டு உருவாகும் விதம்

முதல் வகைக் கொலாஜனில் மூன்று இழைகள் உண்டு. இரண்டு ஆல்ஃபா-1, ஒன்று ஆல்ஃபா-2. ஆல்ஃபா-1 இழையை ரைபோசோம் முழுமையாகக் கோத்து முடிக்கும்போது அதில் 1,464 அமினோ அமிலங்கள் இருக்கும். நொடிக்கு 5 என்ற வேகத்தில் கோத்தால் ஏறத்தாழ 5 நிமிட வேலை. ஆனால் இந்த இழை எங்கே போகவேண்டும் என்பது முதல் சில நொடிகளிலேயே முடிவாகிவிடுகிறது. முன்முனையில் உள்ள 22 அமினோ அமிலங்கள் நீரை விலக்கும் தன்மை கொண்ட அடையாளத் துண்டு. அது ரைபோசோமின் குடைவிலிருந்து தலை நீட்டியதும், அடையாளம் காணும் துகள் ஒன்று அதைப் பற்றிக்கொள்கிறது, கோக்கும் வேகத்தைத் தணிக்கிறது, ரைபோசோமையே இழுத்துக்கொண்டு போய் வலையின் சவ்விலுள்ள வாயிலில் பொருத்துகிறது. இதைக் கண்டறிந்து விளக்கியவர் குந்தர் புளோபெல். அதற்காக அவருக்கு 1999-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த வாயில் மிகக் குறுகலானது. மடிந்து உருக்கொண்ட புரதம் அதில் நுழையாது, நீட்டிய இழையாக இருந்தால்தான் நுழையும். எனவே இழை வளர வளர வலைக்குள் நழுவி இறங்குகிறது, அடையாளத் துண்டு உள்ளே வெட்டி நீக்கப்படுகிறது. இந்த இடம்வரை கொலாஜனுக்கும் கணைய நொதிக்கும் வேறுபாடு இல்லை.

வேறுபாடு உள்ளே தொடங்குகிறது. கொலாஜன் இழையின் நடுப்பகுதியில் 1,014 அமினோ அமிலங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒவ்வொரு மூன்றாவதும் கிளைசின். மூன்று இழைகள் முப்புரிக் கயிறாக முறுக்கிக்கொள்ளும்போது கயிற்றின் மையத்தில் வருவது இந்தக் கிளைசின்தான். அங்கே இருக்கும் இடம் ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுவுக்குத்தான் போதும். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் மட்டும்தான் அதற்குப் பொருந்தும். கிளைசினுக்கு முன்னும் பின்னும் புரோலின் அதிகம். வலைக்குள் இருக்கும் ஒரு நொதி இந்தப் புரோலின்களில் பலவற்றில் ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கிறது. இதற்கு அந்த நொதிக்கு இரும்பும் ஆக்சிஜனும் தேவை, இரும்பைப் பழைய நிலைக்குத் திருப்ப வைட்டமின் சி தேவை. ஹைட்ராக்சில் சேராத கொலாஜன் முறுக்கு ஏறத்தாழ 24 பாகை செல்சியஸிலேயே அவிழ்ந்துவிடும், அதாவது நம் உடல் வெப்பத்தில் அது நிலைக்காது. கடற்பயணிகளின் ஸ்கர்வி நோயில் ஈறுகள் இரத்தம் கசிந்ததற்கும், ஆன்சன் தலைமையில் 1740-களில் உலகைச் சுற்றிய கப்பலில் 50 ஆண்டுகளுக்கு முன் ஆறிய காயம் ஒன்று மறுபடி திறந்துகொண்டதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. வைட்டமின் சி இல்லாவிட்டாலும் ரைபோசோம் இழையைக் கோத்துத் தருகிறது. முறுக்குத்தான் நிலைப்பதில்லை. முறுக்காத இழைகள் வலைக்குள்ளேயே தேங்குகின்றன.

முறுக்கு எந்த முனையில் தொடங்குகிறது என்பது முக்கியம். மூன்று இழைகளும் கோத்து முடிந்த பிறகே, அவற்றின் பின்முனைகளில் உள்ள உருண்டையான பகுதிகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டு சேர்ந்து, கந்தகப் பிணைப்புகளால் கட்டப்படுகின்றன. அதன் பிறகு முறுக்கு பின்முனையிலிருந்து முன்முனை நோக்கி ஏறுகிறது. ஹைட்ராக்சில் சேர்க்கும் நொதிகளால் தளர்ந்த இழையில் மட்டுமே வேலை செய்ய முடியும், முறுக்கு ஏறிய பகுதியை அவை தொட முடியாது. முறுக்கு ஏறியதும், எச்எஸ்பி-47 என்ற துணைப் புரதம் அதன்மேல் ஆங்காங்கே பற்றிக்கொண்டு, உடல் வெப்பத்தில் அது அவிழாமலும், அருகிலுள்ள தண்டுகளோடு ஒட்டிக்கொள்ளாமலும் காக்கிறது.

இந்த ஒழுங்கு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு 1986-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லலாம். எலும்புகள் கருவிலேயே நொறுங்கி, குழந்தை பிறந்தவுடன் இறக்கும் அளவுக்குக் கடுமையான எலும்பு நொறுங்கு நோயில், ஆல்ஃபா-1 மரபணுவின் ஒரு பிரதியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. முறுக்குப் பகுதியின் 988-ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் சிஸ்டீன் வந்திருந்தது. முறுக்குப் பகுதி 1,014-இல் முடிகிறது என்பதையும், முறுக்கு அந்த முனையிலிருந்துதான் தொடங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இதன் விளைவு புரியும். முறுக்கு 26 அமினோ அமிலங்கள் ஏறியவுடனேயே இடறுகிறது. அதற்கு முன்னால் உள்ள ஏறத்தாழ முழு இழையும் வழக்கத்தைவிட நீண்ட நேரம் தளர்ந்தே கிடக்கிறது. நொதிகள் அதுவரை ஓய்ந்திருப்பதில்லை. லைசின்களில் மேலும் மேலும் ஹைட்ராக்சிலும் சர்க்கரையும் ஏற்றிக்கொண்டே போகின்றன. நோயாளியின் தோல் செல்களை வளர்த்து, அவற்றின் கொலாஜனை மின்புல ஜெல்லில் ஓட்டினால், இந்தக் கூடுதல் சுமையால் அதன் பட்டை மெதுவாக நகர்ந்து, அகலமாகப் பரவித் தெரியும். மூலக்கூறு வலைக்குள் எவ்வளவு நேரம் தளர்ந்து கிடந்தது என்பதை அந்தப் பட்டையிலிருந்து ஏறக்குறைய படித்துவிடலாம். குறை எந்த முனைக்கு அருகில் இருக்கிறது என்பதும் அதிலிருந்து ஓரளவு தெரியும், ஏனென்றால் முன்முனையை ஒட்டி மாற்றம் இருந்தால், முறுக்கு பெரும்பகுதி ஏறி முடிந்த பிறகே இடறும், கூடுதல் சுமை குறைவாகவே இருக்கும்.

இதில் ஒரு சிறு கணக்கும் இருக்கிறது. மரபணுவின் ஒரு பிரதி மட்டுமே பழுது என்றால் ஆல்ஃபா-1 இழைகளில் பாதி பழுதானவை. ஒவ்வொரு தண்டுக்கும் இரண்டு ஆல்ஃபா-1 தேவை. இரண்டுமே நல்ல இழையாக அமையும் வாய்ப்பு பாதியில் பாதி, அதாவது கால் பங்கு. ஆக நான்கில் மூன்று தண்டுகள் பழுதாகின்றன. இதற்கு மாறாக, அந்தப் பிரதி இழையே செய்யாமல் முற்றிலும் செயலிழந்துவிட்டால், கிடைப்பது பாதி அளவுக் கொலாஜன், ஆனால் எல்லாம் நல்ல தண்டு. நோயும் பெரும்பாலும் மிதமான வகையாகவே இருக்கும். இங்கே குறையுள்ள புரதத்தைவிட இல்லாத புரதமே மேல்.

வலையின் வாசல்

முறுக்கு முடிந்த தண்டு இப்போது வலையிலிருந்து வெளியேற வேண்டும். வலையின் சவ்வில் சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வெளியேறும் பைகள் மொட்டுவிடுகின்றன. எஸ்ஏஆர்-1 என்ற சிறு புரதம் சவ்வில் ஊன்றிக்கொள்ளும், செக்-23, செக்-24 இணை அதன்மேல் வந்து சரக்கைப் பிடிக்கும், செக்-13, செக்-31 இணை வெளிக்கூண்டு கட்டிச் சவ்வை வளைத்து மூடும். ராண்டி ஷெக்மன் ஈஸ்ட்டில் இந்தப் புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தவர், 2013-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இந்தக் கூண்டு தானாகக் கட்டிக்கொள்ளும் அளவுதான் நான் தொடக்கத்தில் சொன்ன 60 முதல் 90 நானோமீட்டர்.

கொலாஜனுக்கு இந்தக் கூண்டே வேண்டாம், வேறு பாதை இருக்கலாம் என்று சிலர் நினைத்ததுண்டு. அப்படியில்லை என்பதற்கு வலுவான சான்று ஒரு சவூதி அரேபியக் குடும்பத்திலிருந்து வந்தது. அக்குடும்பத்தின் குழந்தைகளுக்கு உச்சிக்குழி மூடத் தாமதமானது, முகத்தின் எலும்புகள் சரியாக அமையவில்லை, கண்ணில் புரை இருந்தது. 2006-இல் இதற்குக் காரணம் செக்-23ஏ மரபணுவில் உள்ள ஒரே ஒரு மாற்றம் என்று கண்டறியப்பட்டது. அவர்களுடைய தோல் செல்களை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது வலை பருத்து வீங்கியிருந்தது, உள்ளே புரோகொலாஜன் தேங்கிக் கிடந்தது. ஆகவே கொலாஜனும் அதே கூண்டுப் புரதங்களை நம்பித்தான் வெளியேறுகிறது. கூண்டின் அளவுதான் போதவில்லை.

இதற்கான விடையின் முதல் நுனி பழ ஈயின் செல்களில் கிடைத்தது. விவேக் மல்ஹோத்ராவின் குழு மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கி, புரதம் வெளியேறுவது எதில் தடைபடுகிறது என்று தேடியபோது அகப்பட்டவற்றில் ஒன்று டாங்கோ-1. 2009-இல் அதே குழு, பாலூட்டிச் செல்களில் டாங்கோ-1 இல்லாவிட்டால் ஏழாம் வகைக் கொலாஜன் வலைக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது என்று காட்டியது. டாங்கோ-1 இல்லாத எலிக் குட்டிகள் குட்டையான எலும்புகளோடு பிறந்து உடனே இறந்தன. பல வகைக் கொலாஜன்கள் அவற்றின் செல்களுக்குள் தேங்கியிருந்தன.

டாங்கோ-1 வலையின் சவ்வைத் துளைத்து நிற்கிறது. அதன் உள்முனை எச்எஸ்பி-47-ஐப் பற்றுகிறது, அந்தப் பிடி வழியாகத் தண்டையும் பிடித்துக்கொள்கிறது. வெளிமுனை செக்-23 மேல் போய் அமர்கிறது. வழக்கமாகச் செக்-31 வந்து பற்ற வேண்டிய இடத்துக்கு இதுவும் போட்டியிடுவதால், கூண்டு மூடிக்கொள்வது தாமதமாகிறது. மொட்டு வளர அவகாசம் கிடைக்கிறது. அதோடு டாங்கோ-1 மூலக்கூறுகள் வெளியேறும் இடத்தைச் சுற்றி வளையமாக நின்று, கோல்கைக்குப் போகும் வழியிலுள்ள இடைநிலைச் சவ்வுகளையும் அருகே இழுக்கின்றன. தண்டை வெளியே அனுப்பியபின் டாங்கோ-1 வலையிலேயே தங்கிவிடுகிறது. வளர்ந்த மொட்டு இறுதியில் பெரிய பையாகத் துண்டித்துக்கொண்டு போகிறதா, அல்லது வலைக்கும் இடைநிலைச் சவ்வுக்கும் நடுவே சிறிது நேரம் ஒரு சுரங்கம் திறந்து தண்டு அதன் வழியாக நழுவிச் செல்கிறதா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் இரு கட்சியாகவே இருக்கிறார்கள். ஒளிரும் கொலாஜனைப் பெரிய பைகளில் கண்டதாக ஒரு சாராரும், அப்படிப் பெரிய பைகள் நீண்ட தூரம் ஓடுவதே இல்லை, கோல்கைக்கு அருகே குறுகிய தூரத்திலேயே கைமாற்றம் நடந்துவிடுகிறது என்று மறு சாராரும் படங்களோடு வாதிடுகிறார்கள். எனக்குச் சுரங்கக் கட்சியின்மேல் சாய்வு உண்டு. அதற்குப் பெரிய காரணம் ஏதுமில்லை, டாங்கோ-1 வளையத்தின் அமைப்பு ஒரு குழாயின் வாயைப் பிடித்து வைக்கத் தோதாக இருக்கிறது என்பதுதான்.

கோல்கையில் அம்புக்குறி திரும்பிய இடம்

என் சக ஆசிரியரின் வாதத்துக்கு உண்மையான சோதனை கோல்கையில்தான் வருகிறது. வலையின் வாசலில் கொலாஜனுக்குத் தனி ஏற்பாடு இருப்பதை அவர் ஒப்புக்கொள்வார். அது விதிவிலக்கு என்பதற்கே சான்று என்றும் சொல்வார். கோல்கைக்குள் நுழைந்தபின் என்ன?

1980-களில் ஜேம்ஸ் ரோத்மனின் குழு செல்களை உடைத்து, குழாயில் கோல்கையை மட்டும் வைத்து, ஒரு வைரஸ் புரதம் ஒரு கோல்கையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வதைக் காட்டியது. அங்கே 50 முதல் 60 நானோமீட்டர் குறுக்களவுள்ள பைகள் ஏராளமாக மொட்டுவிடுவதும் தெரிந்தது. இதிலிருந்து, தட்டுகள் அசையாமல் நிற்கின்றன, பைகள் சரக்கைத் தூக்கிக்கொண்டு தட்டுக்குத் தட்டு முன்னே போகின்றன என்ற கருத்து வலுப்பெற்றது. இதற்கு முன்பே, 1950-களில், வேறொரு கருத்தும் இருந்தது. வலையிலிருந்து வரும் சவ்வுகள் ஒன்றுசேர்ந்து முதல் தட்டாகின்றன, அந்தத் தட்டே மெல்ல மெல்ல முதிர்ந்து பின்னால் நகர்ந்து கடைசித் தட்டாகிச் சிதைகிறது என்பது அது. சில பாசிகள் தம் மேல்தோலுக்கான செதில்களைக் கோல்கைத் தட்டுக்குள்ளேயே உருவாக்குவதையும், அவை எந்தப் பைக்குள்ளும் அடங்காத அளவு பெரியவை என்பதையும் கண்டவர்கள் இந்தக் கருத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பாசியும் விதிவிலக்கு என்று ஒதுக்கப்பட்டது.

1998-இல் இத்தாலியில் ஆல்பெர்ட்டோ லூயினியின் குழு கொலாஜனை வைத்து இந்தப் பிணக்கை எடுத்தது. அவர்கள் செய்த உத்தி, நான் மேலே சொன்ன ஹைட்ராக்சில் கதையோடு நேராகத் தொடர்புடையது. இரும்பைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருளைச் செல்களுக்குக் கொடுத்தால் ஹைட்ராக்சில் சேர்க்கும் நொதி நின்றுவிடும், முறுக்கு ஏறாது, புரோகொலாஜன் முழுவதும் வலையில் தேங்கும். அந்த வேதிப்பொருளைக் கழுவி எடுத்து வைட்டமின் சி கொடுத்தால், தேங்கியிருந்தவை ஒரே நேரத்தில் முறுக்கேறி, ஒரே அலையாகக் கிளம்பும். அந்த அலையை நிமிடத்துக்கு நிமிடம் மின்னணு நுண்ணோக்கியில் பின்தொடர்ந்தார்கள். கோல்கைக்குள் புரோகொலாஜன் 300 நானோமீட்டர் நீளமுள்ள கற்றைகளாகத் தட்டுகளின் வீங்கிய பகுதிகளில் தெரிந்தது. முதல் தட்டில் தெரிந்தது, பிறகு நடுத் தட்டுகளில் தெரிந்தது, பிறகு கடைசித் தட்டில் தெரிந்தது. ஆனால் தட்டுகளுக்கு நடுவே உள்ள சிறு பைகளில் ஒருபோதும் தெரியவில்லை. தட்டின் உள்வெளியைவிட்டு ஒருமுறைகூட வெளியே வராமல் அது கோல்கையைக் கடந்துவிட்டது. தண்டு நகரவில்லை என்றால், அது இருக்கும் தட்டுதான் நகர்ந்திருக்க வேண்டும்.

அப்படியானால் அந்தச் சிறு பைகள் எதற்கு? தட்டு முன்னே முதிர்ந்துகொண்டே போகும்போது, அதிலுள்ள முந்தைய கட்டத்துச் சர்க்கரை ஒட்டும் நொதிகளை அடுத்து வரும் இளைய தட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அந்த வேலையைப் பைகள் செய்கின்றன. படத்தில் உள்ள அதே வட்டங்கள், அதே இடத்தில், ஆனால் அம்புக்குறி எதிர்த் திசையில். சரக்கு முன்னே தட்டோடு போகிறது, தட்டின் கருவிகள் பின்னே பையில் திரும்புகின்றன. எச்எஸ்பி-47-க்கும் இதே கதைதான். வலையின் நடுநிலையான சூழலில் தண்டைப் பற்றியிருக்கும் அது, கோல்கையின் சற்று அமிலத்தன்மை கூடிய சூழலுக்கு வந்ததும் பிடியை விடுகிறது. அதன் வால்முனையில் திரும்பி வருவதற்கான நான்கெழுத்துக் குறி இருப்பதால், ஓர் ஏற்பி அதைப் பிடித்துப் பையில் ஏற்றி வலைக்கே அனுப்புகிறது.

இதுவரை கேட்டுவிட்டும் என் நண்பர் "சரி, கொலாஜன் அப்படிப் போகிறது. சிறிய புரதங்கள் பையில்தானே போகின்றன?" என்று கேட்கலாம், கேட்கவும் செய்தார். 2001-இல் அதே இத்தாலியக் குழு வெளியிட்ட சோதனை இந்தக் கேள்விக்காகவே செய்யப்பட்டதுபோல் இருக்கிறது. ஒரே செல்லில் ரோத்மன் குழு பயன்படுத்திய அந்தச் சிறிய வைரஸ் புரதத்தையும் புரோகொலாஜனையும் சேர்த்து அனுப்பிப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே வேகத்தில் கோல்கையைக் கடந்தன. சிறியதற்குப் பைகள் வேகமான குறுக்குவழியாக இருந்திருந்தால் அது முந்தியிருக்க வேண்டும். முந்தவில்லை. பையில் அடங்கக்கூடிய புரதமும் தட்டோடு சேர்ந்துதான் போகிறது என்றால், கொலாஜனுக்குப் பொருந்துவது பொதுவிதியாகவே ஆகிறது.

2006-இல் தட்டு முதிர்வதை நேரடியாகக் கண்ணால் பார்க்கவும் முடிந்தது. ஈஸ்ட்டில் கோல்கைத் தட்டுகள் அடுக்காக இல்லாமல் தனித்தனியாக மிதக்கின்றன, ஆகவே ஒரு தட்டை மட்டும் பின்தொடரலாம். அமெரிக்காவில் ஒரு குழுவும் ஜப்பானில் ஒரு குழுவும் தனித்தனியே, தொடக்கத் தட்டின் புரதத்துக்குப் பச்சையும் இறுதித் தட்டின் புரதத்துக்குச் சிவப்பும் ஒளிரும்படி செய்து பார்த்தார்கள். பச்சையாக இருந்த அதே தட்டு, சில நிமிடங்களில் பச்சை மங்கிச் சிவப்பாக மாறியது. தட்டுகள் அசையாமல் நிலைத்திருப்பவை என்றால் நிறம் மாறக் காரணமே இல்லை.

இதோடு வழக்கு முடிந்துவிடவில்லை. ஈஸ்ட்டில் கொலாஜன் கிடையாது, அடுக்கும் கிடையாது. பாலூட்டிச் செல்களில் சில சிறிய புரதங்கள் கோல்கையை அடைந்த உடனேயே, வரிசையில் காத்திராமல் வெளியேறத் தொடங்குவதை 2008-இல் ஒரு குழு காட்டியது. தட்டு மட்டுமே ஊர்தி என்றால் முதலில் சற்றுத் தாமதம் இருந்திருக்க வேண்டும். தட்டுகளுக்கு நடுவே சில சமயம் மெல்லிய குழாய் இணைப்புகள் தோன்றுவதையும் பலர் கண்டிருக்கிறார்கள். ஆகவே சிறிய புரதங்களுக்குக் கூடுதல் வழிகள் இருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரியதும் சிறியதும் எல்லாச் சரக்கும் போகக்கூடிய வழி எதுவோ அதை முதலில் வரைந்துவிட்டு, சிலவற்றுக்கு மட்டும் உள்ள வழிகளைப் பிறகு வரைவதுதான் முறை. இப்போது பாடநூல்களில் பல, இரண்டாவதை மட்டும் வரைந்துவிட்டு முதலாவதை அடிக்குறிப்பில் போடுகின்றன.

செல்லின் ஓரத்தில்

கோல்கையின் கடைசித் தட்டு சிதையும்போது நீண்ட குழாய்போன்ற ஊர்திகள் கிளம்பி, செல் சவ்வோடு இணைந்து, தண்டை வெளியே விடுகின்றன. வளரும் கருவின் தசைநாண் செல்களில் இந்த ஊர்திகள் நாணின் நீள்வாட்டத்துக்கு இணையாகவே அமைந்து, செல்லின் ஓரத்தில் குழிந்து திறக்கின்றன. இதனால் உருவாகப்போகும் நார் எந்தத் திசையில் அமையவேண்டும் என்பது செல்லைவிட்டு விலகும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

வெளியே வந்ததும் கடைசி வேலை ஒன்று உண்டு. தண்டின் இரு முனைகளிலும் இருக்கும் உருண்டைப் பகுதிகளை இரண்டு நொதிகள் தனித்தனியே வெட்டி நீக்குகின்றன. பின்முனைப் பகுதி இருக்கும்வரை புரோகொலாஜன் நீரில் நன்றாகக் கரைந்திருக்கும். அது நீங்கியதும் கரையும் திறன் ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைந்து, தண்டுகள் தாமாகவே பக்கவாட்டில் அடுக்கி நாராகிவிடுகின்றன. செல்லுக்குள் இது நடந்திருந்தால் வலையும் கோல்கையும் நாரால் அடைபட்டிருக்கும். முனைகளை வெட்டும் வேலை பயணத்தின் இறுதிவரை தள்ளிவைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

வெட்டி நீக்கிய முன்முனைப் பகுதி வீணாகப் போவதில்லை. அது இரத்தத்தில் கலந்து, கல்லீரல் அகற்றும்வரை சுற்றிக்கொண்டிருக்கும். எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுப்பவர்களின் ஆய்வக அறிக்கையில் P1NP என்று வருவது இதைத்தான். ஒரு தண்டின் முனை வெட்டப்பட்டால் ஒரு துண்டுதான் இரத்தத்துக்கு வரும் என்பதால், அந்த எண் எத்தனை தண்டுகள் வலையையும் கோல்கையையும் கடந்து வெளியே வந்து சேர்ந்தன என்பதற்கான மறைமுகக் கணக்கு. எலும்பு கட்டும் செல்களைத் தூண்டும் மருந்தைத் தொடங்கினால், எலும்பு அடர்த்திப் படத்தில் எந்த மாற்றமும் தெரியும் முன்பே, சில வாரங்களில் இந்த எண் ஏறிவிடும். மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்து பாதி அளவுத் தண்டுகளே செய்யும் மிதமான எலும்பு நொறுங்கு நோயாளிகளிடம் அது குறைவாக இருக்கும்.